ஒரகடம் ஆலை யாரோடது? உண்மையை ஒரு மெஷின் எங்கே வச்சிருக்கு?

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டுல ஒரகடம் வரும் இல்லையா, அங்க 2010 மார்ச்ல திறந்த அந்தப் பெரிய கார் ஆலை. ஊர்ல எல்லாரும் "ரெனோ நிஸான் கம்பெனி"ன்னுதான் சொல்லுவாங்க. அது இப்போ யாரோடது?

ஜெனரல் நாலெட்ஜ் கேள்வி மாதிரி தெரியும். ஆனா அந்த ஆலைக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற ஒரு சின்னக் கம்பெனி யாருன்னு பார்த்து கொட்டேஷன் அனுப்பணும்? அங்க இன்டர்வியூ போறவங்க எந்த நிறுவனத்தைப் பத்திப் படிச்சுட்டுப் போகணும்? அவங்களுக்குத் தப்பான பதில் வந்தா வேலை கெடும்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன். ஆலையை நடத்துற கூட்டு நிறுவனத்துல முன்னாடி நிஸானுக்கு 70 சதவீதம், ரெனோவுக்கு 30. 2023 பிப்ரவரியில அதை 51-க்கு 49-ன்னு மாத்தப்போறதா அறிவிச்சாங்க. அப்பவும் பெரிய பங்கு நிஸானுக்குத்தான். 2025 மார்ச் 31-ல நிஸானோட 51 சதவீதத்தையும் ரெனோ வாங்கிக்கப் போகுதுன்னு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்ட்ல வேலை முடிஞ்சு, ஆலை முழுசா ரெனோவோடது ஆச்சு.

இங்க ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, உரிமை மாறினாலும் நிஸானோட மேக்னைட் கார் அதே ஆலையிலதான் தொடர்ந்து தயாராகும்னு ஒப்பந்தத்திலேயே இருக்கு. ரெண்டாவது, ரெண்டு பேருக்கும் இன்னொரு கூட்டு நிறுவனம் இருக்கு: மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில இருக்கிற டெக்னாலஜி சென்டர். அதுல ரெனோவுக்கு 51, நிஸானுக்கு 49. ஆலைக்குச் சொன்ன அதே எண்கள், ஆனா தலைகீழா! 2025 ஒப்பந்தத்துல இதை அவங்க தொடவே இல்லை, அப்படியே விட்டுட்டாங்க.

இப்போ இதை ஒரு லாங்குவேஜ் மாடல் எப்படி "தெரிஞ்சு" வச்சிருக்கும்? அதுக்குள்ள "ஒரகடம் ஆலை, உரிமையாளர், ரெனோ"ன்னு ஒரு வரி எங்கேயும் கிடையாது. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படிச்சு, இந்தச் சொற்களுக்கு அப்புறம் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு கத்துக்கிட்ட எண்கள்தான் இருக்கு. ஒரு தகவல் ஆயிரக்கணக்கான எண்கள்ல பரவிக் கிடக்கும். பதினஞ்சு வருஷமா செய்தித்தாள், கார் ரிவ்யூ, வேலைவாய்ப்பு விளம்பரம் எல்லாத்திலேயும் ஒரகடம் பக்கத்துல நிஸான் பேரு வந்திருக்கு. உரிமை மாறினதைச் சொல்ற வாக்கியங்கள் அதோட ஒப்பிட்டா கொஞ்சம்தான். அதனால மாடல் பழைய பதிலுக்குச் சாயுறதுல ஆச்சரியமே இல்லை. 51, 49, ரெனோ, நிஸான் நாலும் ரெண்டு நிறுவனத்தைப் பத்தின செய்தியிலேயும் சேர்ந்தே வர்றதால, டெக் சென்டரோட கணக்கைத் தூக்கி ஆலைக்கு மாட்டிவிடவும் வாய்ப்பு இருக்கு. வாக்கியம் மட்டும் ரொம்ப அழகா இருக்கும். அதுதான் ஆபத்து: தப்பான பதிலும் சரியான பதிலும் ஒரே தொனியில வரும்.

நாலெட்ஜ் கிராஃப் வேற மாதிரி. 2012-ல கூகுள் இந்தப் பேரைப் பிரபலமாக்கினாங்க, அதே வருஷம் விக்கிடேட்டாவும் தொடங்குச்சு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி அடையாள எண், ரெண்டு பொருளுக்கு நடுவுல பேர் வச்ச ஒரு உறவு, அது எப்போதிருந்து எப்போ வரைக்கும்ங்கிற தேதி. நம்ம கேள்விக்கு வேண்டியதை இப்படி எழுதலாம்:

```
plant_oragadam | owner  | Nissan  | 51%  | end 2025-08
plant_oragadam | owner  | Renault | 49%  | end 2025-08
plant_oragadam | owner  | Renault | 100% | start 2025-08
plant_oragadam | makes  | Magnite |      |
tech_centre    | owner  | Renault | 51%  |
tech_centre    | owner  | Nissan  | 49%  |
```

`owner` வேற, `makes` வேற. ஆலையும் டெக் சென்டரும் வேற வேற அடையாளம். "இப்போ"ன்னு கேட்டா `end` இல்லாத வரியை மட்டும் எடுக்கணும். தகவல் மாறினா ஒரு வரியை மூடி இன்னொண்ணு சேர்த்தா போதும். மாடல்ல அப்படி ஒரு இடத்தைத் தொட்டுத் திருத்துறது லேசில்லை.

அப்போ கிராஃப் மட்டும் போதாதான்னு கேப்பீங்க. போதாது. மனுஷங்க `plant_oragadam`னு கேக்க மாட்டாங்க. "மேக்னைட் செய்யுற அந்த ஒரகடம் கம்பெனிய யாரோ வாங்கிட்டாங்களாமே, யாருங்க அது?"ன்னுதான் கேப்பாங்க. அந்த வாக்கியத்தைப் புரிஞ்சுக்க மாடல்தான் வேணும். அதோட, கிராஃப்ல எழுதாத விஷயம் எதுவுமே அதுக்குத் தெரியாது.

சேர்த்து ஓட்டும்போது நடக்கிறது இதுதான். மாடல் கேள்வியைப் படிச்சு, எந்த ஆலை, எந்த உறவு, எந்தத் தேதின்னு பிரிக்கும். கிராஃப்ல தேடினா மூணாவது வரி வரும். அந்த வரியை மாடல்கிட்ட கொடுத்து, "இதை மட்டும் வச்சுப் பதில் எழுது"ன்னு சொல்றோம். கடைசியா ஒரு வேலை இருக்கு, நிறையப் பேர் இதை விட்டுடுறாங்க. வந்த பதிலை மறுபடி "ஆலை, உரிமையாளர், ரெனோ, 100"னு உடைச்சு அந்த வரியோட ஒப்பிடணும். ஏன்னா வரியைக் கையில கொடுத்தாலும், மாடல் சில சமயம் தன் பழைய ஞாபகத்தையே எழுதிடும்.

இவ்வளவு செஞ்சும் தப்பு வருமா? வரும். பெரும்பாலும் முதல் படியிலேயே. அம்பத்தூர்லயும் ஒரு ஒரகடம் இருக்கு, சென்னைக்காரங்களுக்குத் தெரியும். "ஒரகடத்துல உள்ள கம்பெனி"ன்னு மட்டும் கேட்டா எந்த ஒரகடம்? இங்க தப்பான அடையாளத்தைப் பிடிச்சுட்டா, கிராஃப் துல்லியமா தப்பான பதிலைத் தரும். ரெண்டு இடம் பொருந்தினா திருப்பிக் கேக்குற மாதிரி அமைச்சுடுறது நல்லது.

இன்னொண்ணு, யாராவது புது வரியைச் சேர்த்துட்டு பழசை மூட மறந்துடுறது. அப்போ நிஸான் 51, ரெனோ 49, மறுபடி ரெனோ 100, எல்லாமே "இப்போ"ன்னு நிக்கும். ஆனா இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு நிறுவனத்தோட பங்கு எந்தத் தேதியில கூட்டினாலும் 100 வரணும். இங்க 200 வருது. இந்தக் கூட்டலை தினமும் ஓட்டி, உதைக்கிற வரிகளை ஒரு மனுஷர் பார்வைக்கு அனுப்பலாம். கிராஃப்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்: தப்பு இருந்தா கணக்கு உதைக்கும். பத்தாயிரம் செய்திக் கட்டுரைகளை அப்படிக் கூட்டிப் பார்க்க வழியில்லை.

மூணாவது, வரியே இல்லாத கேள்வி. "அந்த ஆலையில இப்போ எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?" நம்ம ஆறு வரியில அது இல்லை. கட்டுப்பாடு இல்லாம விட்டா, மாடல் எங்கேயோ படிச்ச பழைய எண்ணை எடுத்து நீட்டும். அதனால வரி கிடைக்கலைன்னா "தகவல் இல்லை"ன்னு சொல்லவச்சுடணும். கேக்குறவங்களுக்கு எரிச்சலாதான் இருக்கும், ஆனா கொட்டேஷன் அனுப்புற கம்பெனிக்கு அது பரவாயில்லை. ஆலை ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குவாங்க.

நீங்க ஏதாவது ஒரு சாட்பாட்டைச் சோதிக்கணும்னா இந்த ஆலையையே வச்சுப் பாருங்க. "யாரோடது"ன்னு ஒரு தடவை, "2024-ல யாரோடது"ன்னு ஒரு தடவை, "டெக் சென்டர்ல யாருக்கு எவ்வளவு"ன்னு ஒரு தடவை கேளுங்க. மூணுக்கும் வேற வேற பதில் வரணும்.