எட்டு வீடு, ஒரு குழுப்படம்

1870-இல் மான்ட்ரியல் நகரின் விக்டோரியா பனிச்சறுக்கு அரங்கில் ஒரு மாறுவேடத் திருவிழா நடந்தது. இங்கிலாந்து இளவரசர் ஆர்தரும் வந்திருந்தார். அந்தக் கூட்டத்தை அப்படியே படமெடுக்க அன்றைய கேமராவால் முடியாது. உள்ளரங்கின் வெளிச்சம் குறைவு, ஆட்களோ சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் வில்லியம் நாட்மன் என்ற புகைப்படக்காரர், விழாவுக்கு வந்தவர்களை வேடத்தோடு தன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்துத் தனித்தனியாகப் படமெடுத்தார். அரங்கின் பின்னணியை ஓவியர்கள் தீட்டினார்கள். நூற்றுக்கணக்கான உருவங்களைக் கத்தரித்து அதில் ஒட்டி, மொத்தத்தையும் மறுபடி படமெடுத்தார்கள். தூரத்தில் நிற்பவர் சிறியவராகவும் பக்கத்தில் நிற்பவர் பெரியவராகவும் அதில் முறையாக அமைந்திருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு குழு இன்று தனக்கென ஒரு குழுப்படம் வேண்டும் என்று நினைத்தால், செய்ய வேண்டியது ஏறக்குறைய இதே வேலைதான். கத்தரிக்கோலுக்குப் பதில் ஜிம்ப் அல்லது ஃபோட்டோஷாப். ஆனால் நாட்மனுக்கு இருந்த ஒரு வசதி இந்தக் குழுவுக்கு இல்லை. அவருக்கு ஸ்டூடியோ ஒன்றுதான். இங்கே எட்டுப் பேர் என்றால் எட்டு அறை, எட்டு ஃபோன், எட்டு விதமான வெளிச்சம். ஆகவே வெட்டி ஒட்டுவதில் காட்டும் திறமையைவிட, படம் எடுப்பதற்கு முன் எல்லோருக்கும் அனுப்பும் அந்த ஒரு பக்கக் குறிப்புதான் முக்கியம்.

குறிப்பின் முதல் வரி: கையை நீட்டி எடுக்காதீர்கள். முகத்துக்கு மிக அருகில் கேமரா இருந்தால் மூக்கு பெருக்கும், காதுகள் பின்வாங்கும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தொலைவில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. இது லென்ஸின் குறையல்ல, தொலைவின் விளைவு. பிறகு படத்தைச் சுருக்கினாலும் பெரிதாக்கினாலும் அந்த முகவிகிதம் மாறாது. கைத்தொலைவில் எடுத்த ஒருவரையும் ஆறடியில் எடுத்த ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், தலைகள் ஒரே அளவில் இருந்தாலும் ஏதோ ஒட்டவில்லை என்று கண் சொல்லிவிடும். எனவே ஃபோனைப் புத்தக அடுக்கின் மேல் கண் உயரத்தில் நிறுத்தி, டைமர் வைத்து, ஆறடி தள்ளி நின்று, இடுப்புவரை தெரியும்படி எடுக்க வேண்டும். போர்ட்ரெயிட் மோடையும் அழகூட்டும் ஃபில்டரையும் அணைத்துவிட வேண்டும். போர்ட்ரெயிட் மோடு முடியின் ஓரத்தை மழுக்கிவிட்டால், பிறகு அதைச் சுத்தமாக வெட்டி எடுக்க வழியில்லை.

இரண்டாவது வரி ஒரு ஏ4 தாளைப் பற்றியது. ஒவ்வொருவரும் இரண்டு படம் எடுக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து நகராமல், ஒன்றைச் சாதாரணமாக, இன்னொன்றை நேராக நிறுத்திய ஒரு வெள்ளைத் தாளைக் காதோரம் பிடித்துக்கொண்டு. ஏ4 தாளின் அகலம் எங்கும் 21 செ.மீ.தான். அதுதான் எட்டு வீடுகளுக்கும் பொதுவான அளவுகோல்.

ஒருவர் படத்தில் தாள் 840 பிக்சல் அகலம் என்றால், அங்கே ஒரு செ.மீ.க்கு 40 பிக்சல். இன்னொருவர் படத்தில் 630 என்றால், செ.மீ.க்கு 30. இறுதிப் படத்தில் முன்வரிசைக்கு செ.மீ.க்கு 12 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், முதல் படத்தை 30 சதவீதத்துக்கும் இரண்டாவதை 40 சதவீதத்துக்கும் சுருக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பார்த்துத் தலைகளைச் சமன்செய்வதைவிட இது நேர்மையான வழி. எல்லோருக்கும் தலை ஒரே அளவு இல்லையே! தாளை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்தால் மட்டும் கணக்கு பிசகும். ஆறடித் தொலைவில் 10 செ.மீ. முன்னே வந்தாலே தாள் ஐந்தாறு சதவீதம் பெரிதாகிவிடும்.

பின்வரிசைக்கு இன்னொரு கணக்கு. கற்பனைக் கேமராவிலிருந்து முன்வரிசை 3 மீட்டரிலும் பின்வரிசை 3.5 மீட்டரிலும் நிற்பதாக வைத்தால், பின்வரிசையின் அளவு மூன்றரையில் மூன்று பங்கு, அதாவது 3/3.5. செ.மீ.க்கு 12 என்பது 10.3 ஆகிறது. இந்தச் சிறு குறைவு இல்லாவிட்டால், பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களின் தோளில் ஏறி நிற்பதுபோலத் தெரியும்.

உயரத்தைத் தாள் சொல்லாது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நின்ற ஒருவரின் கண்கள் உச்சந்தலைக்கு ஏறக்குறைய 11 செ.மீ. கீழே இருக்கும். கேமராவின் உயரம் 150 செ.மீ. என்றால் பின்னணியின் தொடுவானக் கோடும் அந்த உயரத்தைத்தான் குறிக்கும். 155 செ.மீ. உயரமுள்ளவர் முன்வரிசையில் நின்றால் அவர் கண் 144-இல், கோட்டுக்கு 6 செ.மீ. கீழே, அதாவது 72 பிக்சல் கீழே வரும். பின்வரிசையில் 172 செ.மீ. உயரமானவரின் கண் 11 செ.மீ. மேலே, சுமார் 113 பிக்சல் மேலே. பின்னணிப் படத்தையும் அதே உயரத்தில் கேமரா வைத்து எடுத்தால்தான் இதெல்லாம் பொருந்தும். மாடியிலிருந்து எடுத்த தோட்டப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது.

வெளிச்சத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒருவருக்கு ஜன்னல் இடப்பக்கம், இன்னொருவருக்கு வலப்பக்கம். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படத்தைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். திருப்பினால் புடவைத் தலைப்பு வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை வலப்பக்கம் வந்துவிடும், வகிடும் இடம் மாறும். கூட வேலை செய்பவர்கள் முகத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஜன்னல் படத்தின் இடப்பக்கம் வரும்படி எல்லோரும் நிற்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்வதே சரி. சில ஃபோன்களில் முன்பக்கக் கேமரா தானாகவே திருப்பிச் சேமிக்கும். பின்னால் நாள்காட்டியோ சட்டையில் எழுத்தோ இருந்தால் அதைப் படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நிறம் சரிசெய்யவும் அந்தத் தாளே போதும். குண்டு பல்பின் கீழ் தாள் மஞ்சளாகவும், ட்யூப்லைட்டின் கீழ் நீலமாகவும் தெரியும். எல்லாப் படத்திலும் தாளை வெண்மைக்குக் கொண்டுவந்து, அதே மாற்றத்தை இன்னொரு படத்துக்கும் கொடுத்தால் தோல்நிறம் தானாக இயல்புக்கு வரும். இரண்டு விளக்குகள் கலந்து ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம் என்று இருந்தால் மட்டும் திரும்ப எடுக்கச் சொல்வதே நல்லது.

இனி வெட்டி ஒட்டுவது. அழிப்பானால் அழிக்காமல் லேயர் மாஸ்க் போட்டால் தவறை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வெள்ளைச் சுவரின் முன் எடுத்த கருங்கூந்தலைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு மிஞ்சும். மாஸ்க்கை ஓரிரு பிக்சல் உள்ளே இழுத்து ஓரத்தை லேசாக மென்மையாக்கினால் அது மறையும். அடுத்து, முன்னால் நிற்பவரின் நிழல் பின்னால் நிற்பவரின் தோளில் விழுந்தாக வேண்டும். அந்த மெல்லிய நிழலை இடையில் ஒரு லேயரில் தீட்டாவிட்டால், எட்டுப் பேரும் ஒட்டிய ஸ்டிக்கர்கள்தான். கடைசியாக மொத்தப் படத்தின் மீதும் ஒரே சீரான புள்ளித்தன்மையைத் தூவினால், வெவ்வேறு ஃபோன்களின் தடயம் அடங்கும்.

முடிந்ததா என்று பார்க்க, படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுகிறார்கள். நிறம் மறைந்ததும், யாருடைய முகம் மட்டும் அதிகம் பளிச்சிடுகிறது என்பது உடனே கண்ணில் படும். பிறகு தலைகீழாகத் திருப்புகிறார்கள். முகங்கள் முகங்களாகத் தெரியாதபோது நிழல்களின் திசை தெளிவாகத் தெரியும்.

லேயர்களோடு அந்தக் கோப்பைச் சேமித்து வைப்பது அவசியம். அடுத்த மாதம் ஒன்பதாவது ஆள் வேலையில் சேருவார். அவருக்கு அனுப்ப வேண்டியது அதே ஒரு பக்கக் குறிப்பு. அவரிடமிருந்து வர வேண்டியது இரண்டு படமும் உயரமும். ஒரு செ.மீ.க்கு 12 பிக்சல் என்ற கணக்கில் சுருக்கி, முன்வரிசையின் ஓரத்தில் அவரை நிறுத்த அரைமணி நேரம் போதும்.