காலையில் சம்பளம், மாலையில் கட்டணம்

திருகோணமலை மாவட்டத்தில் அரச வைத்தியர் ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு விதமாகப் பணம் கிடைக்கக்கூடும். காலையில் வைத்தியசாலை கிளினிக்கில் பார்ப்பதற்கு மாதச் சம்பளம். மாலையில் தனியார் நிலையத்தில் 'சனல்' பண்ணி வருவோரைப் பார்ப்பதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். கடமை நேரத்துக்கு வெளியே தனியாகச் சிகிச்சை செய்ய அரச வைத்தியர்களுக்கு 1977இல் அனுமதி கிடைத்ததிலிருந்து இந்த இரட்டை ஏற்பாடு இலங்கை முழுவதும் நிலைத்துவிட்டது.

பணம் கொடுக்கும் முறை வைத்தியரின் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதை, மூதூரில் நீரிழிவுள்ள ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம்.

சம்பளம்

அவர் மாதாந்த கிளினிக்குக்குப் போகிறார். வைத்தியர் அன்று நாற்பது பேரைப் பார்த்தாலும் நூற்றி நாற்பது பேரைப் பார்த்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே. அதனால் தேவையற்ற பரிசோதனையை எழுதிக்கொடுக்க அவருக்குக் காரணமே இல்லை. ஏழை, பணக்காரர் என்று பிரித்துப் பார்க்கவும் காரணமில்லை. இலவச சிகிச்சையின் பெரும் பலம் இதுதான். ஆனால், ஒரு நோயாளியிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் பேசினாலும் வைத்தியருக்குக் கிடைப்பது அதேதான். வரிசை நீளும்போது மருந்துச் சீட்டை அப்படியே திரும்ப எழுதுவது சுலபம். கிளினிக்குக்கு வராமல் நின்றுபோனவரை யாரும் தேடுவதில்லை, ஏனெனில் அவர் எந்தக் கணக்கிலும் குறையாகத் தெரிவதில்லை.

சேவைக்குக் கட்டணம்

அதே நோயாளி மாலையில் சனல் பண்ணினால் வைத்தியர் நின்று கேட்பார், வேலை முடிந்து போகும் நேரத்திலும் கிடைப்பார். மறுபக்கம், ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு பரிசோதனையும் வருமானம். 'அடுத்த கிழமை திரும்ப வாங்க' என்பது மருத்துவத் தேவையா, வருமானமா என்று நோயாளியால் பிரித்தறிய முடியாது. எந்தக் கேள்விக்கு விடை தேடி எடுக்கிறார்கள் என்று சொல்லப்படாமலே அதே பரிசோதனை திரும்பத் திரும்ப வந்தால், அது எச்சரிக்கை அடையாளம்.

திருகோணமலை போன்ற மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய பாதிப்பு ஒன்று உண்டு. அரச சம்பள அளவு மூதூரிலும் கொழும்பிலும் ஒன்றே. மாலை வருமானம் ஒன்றல்ல. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் கட்டணம் கொடுக்கக் கூடியவர் குறைவு. ஆகவே இடமாற்றப் பட்டியல் வரும்போது விசேட வைத்தியர்களைப் பெரிய நகரம் இழுக்கிறது. காலைச் சம்பளம் தூரத்தை ஈடுசெய்வதில்லை.

தலைவீதம்

மூன்றாவது முறையில் வைத்தியரிடமோ நிலையத்திடமோ ஆட்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். வந்தாலும் வராவிட்டாலும் பதிவான ஒவ்வொருவருக்கும் நிர்ணயித்த தொகை சேரும். இப்போது நம் நீரிழிவு நோயாளி கால் புண்ணோடு வராமலிருப்பதே நிலையத்துக்கு லாபம். அதனால் தவறியவரைத் தேடிப் போகக் காரணம் பிறக்கிறது. இதன் ஆபத்துகள் வேறு: ஆரோக்கியமானவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், செலவு கூடியவரைப் பெரிய வைத்தியசாலைக்குத் தள்ளிவிடலாம். பதிவில் இருந்தும் ஒருமுறைகூடப் பார்க்கப்படாதோர் எத்தனை, மேலிடத்துக்கு அனுப்பும் கடிதங்கள் எத்தனை என்று எண்ணினால் இது வெளிப்படும். வயதுக்கும் நோய்க்கும் ஏற்பத் தொகையைக் கூட்டிக் குறைப்பது இதற்கான பரிகாரம்.

தாய்லாந்து 2002இல் நாடளாவிய காப்பீட்டில் இந்த முறையைக் கொண்டுவந்தது. முதலில் ஊழியர் சம்பளமும் தலைவீதத் தொகைக்குள்ளேயே இருந்தது. மக்கள் அதிகமாகவும் வைத்தியர்கள் குறைவாகவும் இருந்த வடகிழக்கு மாகாணங்களுக்குப் பணம் கூடியது. ஊழியர் நிறைந்த வைத்தியசாலைகள் தடுமாறின. எதிர்ப்பு எழுந்ததால் சம்பளப் பங்கு பின்னர் தனியாகப் பிரிக்கப்பட்டது. அத்துடன் வைத்தியர்களைக் கிராமப்புறத்துக்கு இழுக்கும் விசையும் தளர்ந்தது.

நம்மிடம் இருக்கும் விதை

இலங்கையில் தலைவீதக் கொடுப்பனவு நடைமுறையில் இல்லை. ஆனால் அதன் சாரம் இருக்கிறது. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் நியமிக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர், நாம் 'மிட்வைஃப் மிஸ்' என்று அழைப்பவர், வாங்குவது சம்பளமே. எனினும் தன் பிரிவிலுள்ள கர்ப்பிணிகளைப் பெயரால் அறிவார், வராதவரின் வீட்டுக்குப் போவார். பணம் மாறாமலே பொறுப்பு மாறியிருக்கிறது. காரணம், அவர் கையில் பெயர்ப் பதிவேடு இருக்கிறது.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதே ஏற்பாடு வேண்டும். சம்பளத்தைக் கைவிடத் தேவையில்லை. அது ஏழையைக் காக்கிறது. அதன்மேல், பதிவான மக்கள் தொகைக்கும் வயதுக்கும் தூரத்துக்கும் ஏற்ற ஒரு கொடுப்பனவை நிலையத்துக்குக் கொடுக்கலாம். அப்போது மூதூரில் வேலை செய்வது வைத்தியருக்கு இழப்பாக இராது. கிளினிக்குக்கு வராமல் நின்றுபோனவர் கணக்கில் குறையாகத் தெரிவார்.