நடுவர்கள் கேட்கும் மூன்று கேள்வி: இட்லி மாவுக் குழுவின் கணக்கு

கல்லூரிகளில் நடக்கும் ஸ்டார்ட்அப் போட்டிகளில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஸ்லைடுகளை ஓட்டி முடித்ததும் நடுவர்கள் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். கேள்விகள் பல மாதிரி வரும். ஆனாலும் சுற்றிச் சுற்றி மூன்று விஷயத்தில்தான் வந்து நிற்கும்: யார் வாங்குவாங்க, ஒன்றுக்கு எவ்வளவு செலவு, எது தப்பாப் போகலாம்.

இவை தனித்தனிக் கேள்விகள் மாதிரித் தெரியும். உண்மையில் ஒரே கணக்கின் மூன்று படிகள். முதல் பதிலில் சொன்ன எண்ணை நடுவர்கள் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாவது கேள்வியில் அதையே எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பல குழுக்கள் சறுக்குவது அங்கேதான்.

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். மூன்று மாணவர்கள் இட்லி, தோசை மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாக வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: யார் வாங்குவாங்க?

"தமிழ்நாட்டில் எல்லார் வீட்டிலும் தோசைதான் சார், அதனால் மார்க்கெட் ரொம்பப் பெரிசு" என்று சொன்னால் நடுவர் தலையாட்டிவிட்டு, "உங்க முதல் நூறு பாக்கெட்டை வாங்கப்போறது யார்?" என்று கேட்பார். அவருக்கு வேண்டியது எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு இடம்.

கல்லூரிக்குப் பக்கத்தில் 240 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. குழு அங்கே 40 வீடுகளில் கேட்டது. 22 வீட்டில் கடை மாவு வாங்குகிறார்கள், வாரத்துக்கு இரண்டு பாக்கெட். மற்றவர்கள் வீட்டிலேயே அரைக்கிறார்கள். இதே விகிதத்தை 240 வீட்டுக்கும் போட்டால் 132 வீடு, வாரத்துக்கு 264 பாக்கெட், அதாவது நாளுக்குச் சுமார் 38.

அந்த 38 பாக்கெட்டையும் இப்போது யாரோ விற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள்? மூன்றில் ஒரு வீடு உங்களிடம் மாறினால்கூட நாளுக்கு 12 அல்லது 13 பாக்கெட்தான். நூறு பாக்கெட் விற்க இதே அளவில் எட்டுக் குடியிருப்புகள் வேண்டும். "எட்டுக் குடியிருப்பு வேணும் சார், இரண்டில் பேசிட்டோம்" என்று சொல்லும் குழுவை நடுவர் நம்புவார். அடுத்து, "வாங்குறோம்னு சொன்னவங்க இருக்கட்டும், முன்பணம் கொடுத்தவங்க எத்தனை பேர்?" என்றும் கேட்பார். வாய்வார்த்தையையும் ஆர்டரையும் பிரித்துப் பார்ப்பதற்கான கேள்வி அது.

இரண்டாவது கேள்வி: ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு செலவு?

ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 335 கிராம் இட்லி அரிசி, 85 கிராம் உளுந்து தேவை, மீதி தண்ணீர். அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 130 ரூபாய் என்றால் அரிசிக்கு 15, உளுந்துக்கு 11, உப்பு வெந்தயத்துக்கு 1 ரூபாய். கவர், லேபிள் 3 ரூபாய். கரன்ட், தண்ணீர் 2 ரூபாய். மொத்தம் 32. விலை 45. "பாக்கெட்டுக்கு 13 ரூபாய் லாபம்" என்று ஸ்லைடில் எழுதிவிடுவார்கள்.

நடுவர் கேட்பார்: "நூறு அரைச்சா நூறும் வித்துடுமா?" கடைகளில் போட்டு விற்றால் 15 பாக்கெட் ரிட்டர்ன் வருகிறது என்று எடுத்துக்கொள்வோம். புளித்த மாவை மறுநாள் விற்க முடியாது. ஆனால் அரைத்த செலவு நூறுக்கும் ஆகிவிட்டது.

இப்போது கணக்கு: அரைத்த செலவு 3,200 ரூபாய். பெட்ரோல் 300. கடைக்காரர் கமிஷன் பாக்கெட்டுக்கு 5 வீதம் 85 பாக்கெட்டுக்கு 425. மொத்தம் 3,925. வரவு 85 பாக்கெட்டுக்கு 3,825. நாளுக்கு 100 ரூபாய் நஷ்டம். அரைக்கிற ஆளுக்குச் சம்பளமே இன்னும் போடவில்லை. "நாங்களே அரைச்சுக்குவோம்" என்றால், "தேர்வு நேரத்தில்?" என்று அடுத்த கேள்வி வரும்.

குழு வழியை மாற்றுகிறது. முந்தின நாள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, நேரே வீட்டுக்குக் கொடுக்கிறது. கமிஷன் இல்லை. டெலிவரி செலவு 600 ஆகிறது. ரிட்டர்ன் 3 ஆகக் குறைகிறது. வரவு 97 பாக்கெட்டுக்கு 4,365, செலவு 3,800, மிச்சம் 565. ஒரு ஆளுக்கு 500 சம்பளம் போனால் கையில் நிற்பது 65 ரூபாய்.

கிரைண்டர் 30,000 ரூபாய் என்றால், நாளுக்கு 65 வீதம் அந்தப் பணம் திரும்ப 460 நாளுக்கு மேல் ஆகும். அதே ஆள் 150 பாக்கெட் அரைத்தால் மிச்சம் சுமார் 347 ரூபாய். 87 நாளில் கிரைண்டர் பணம் திரும்பிவிடும். அந்த 50 பாக்கெட் கூடுதலாக எங்கே விற்கும்? மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிட்டோம். இன்னும் நான்கு குடியிருப்பு வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எது தப்பாப் போகலாம்?

"போட்டி வரலாம், விலைவாசி ஏறலாம்" என்பது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பதில். மாவுத் தொழிலுக்கே உரிய ஆபத்து வெயில். சூடு கூடக் கூட மாவு சீக்கிரம் பொங்கிப் புளிக்கும். கவர் உப்பி, சில சமயம் பிரிந்துவிடும். மார்கழியில் சோதித்துப் பார்த்த மாவு சித்திரையில் அப்படி இருக்காது.

"எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்பார் நடுவர். ஒரே தடவை அரைத்த மாவில் ஒரு பாக்கெட்டை ஃப்ரிட்ஜிலும், ஒன்றை அறையிலும், ஒன்றை டெலிவரிப் பெட்டியிலும் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கவர் உப்பியிருக்கிறதா, வாசனை மாறியிருக்கிறதா என்று எழுதி வைத்த தாள் இருந்தால் அதைக் காட்டலாம். எத்தனை மணிக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு அதில் விடை இருக்கும்.

பிறகு, "எத்தனை ரிட்டர்ன் வரை தாங்குவீங்க?" இதற்கும் முன்பு சொன்ன எண்ணே பதில். நூறில் 3 ரிட்டர்ன் வந்தபோது மிச்சம் 65 ரூபாய். அது 5 ஆனால் வரவு 4,275. சம்பளம் போக 25 ரூபாய் நஷ்டம். "நாலு வரை தாங்கும் சார், அஞ்சு வந்தால் மறுநாள் அரைக்கிறதைக் குறைப்போம்" என்று சொல்ல முடிந்தால், தன் கணக்கு அந்தக் குழுவுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

கடைசியாக, பதிவு பற்றிக் கேட்பார்கள். உணவுப் பொருள் தயாரித்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், அதற்கு foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவு எண், தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், எடை, முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். சிறுதொழில் பதிவுக்கு udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

மாவுக்குப் பதில் உங்க குழு செயலி செய்தாலும், கருவி செய்தாலும் படிகள் இவையேதான். மேடை ஏறுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: நாளுக்கு எத்தனை விற்கும், வீணாவதையும் சேர்த்து ஒன்றுக்கு என்ன செலவு, எந்த எண்ணைத் தாண்டினால் நஷ்டம். முதல் எண்ணை மாற்றினால் மற்ற இரண்டும் மாற வேண்டும். மாறவில்லையென்றால் கணக்கில் எங்கேயோ ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது.