மென்பொருளுக்கு என்ன விலை சொல்வது?

திருப்பூரில் இருக்கும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், கோவையில் ஆறு பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறைக்குப் போகும் துணியின் எடையும் திரும்பி வரும் துணியின் எடையும் கணக்கில் ஒத்துப்போவதில்லை. அதைக் கண்காணிக்க, தங்களுக்கென்றே எழுதிய மென்பொருள் வேண்டும் என்கிறார் முதலாளி. முதல் சந்திப்பிலேயே கேள்வி வந்துவிடும்: "எவ்வளவுங்க ஆகும்?"

பதில் சொல்ல இரண்டு வழி உண்டு. நமக்கு ஆகும் செலவைக் கூட்டி, மேலே லாபம் வைத்துச் சொல்வது ஒன்று. அவருக்குக் கிடைக்கும் பயனைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கைக் கேட்பது இன்னொன்று. முதல் வழி நேர்மையானது என்றும் இரண்டாவது சாமர்த்தியமானது என்றும் பொதுவாக நினைக்கிறார்கள். இரண்டுமே ஏமாற்றும், ஏமாற்றும் இடம்தான் வேறு. கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

செலவுக் கணக்கு பெரும்பாலும் முதல் வரியிலேயே தவறுகிறது. மென்பொருள் எழுதுபவருக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய். மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 176 மணி. வகுத்தால் மணிக்கு 341 ரூபாய். இந்த வேலைக்கு 1,000 மணி நேரம் பிடிக்கும் என்றால் 3.41 லட்சம், 25 சதவீத லாபம் சேர்த்து சுமார் 4.26 லட்சம் என்று கொட்டேஷன் போய்விடும்.

ஆனால் 176 மணி நேரத்துக்கும் யாரும் பணம் தருவதில்லை. விடுப்பு, கூட்டங்கள், பழைய வாடிக்கையாளரின் போனுக்கு ஓடிப்போய்ச் சரிசெய்த நேரம், கைக்கு வராத ஆர்டருக்குக் கொட்டேஷன் தயாரித்த நேரம் எல்லாம் போக, பில் போட மிஞ்சுவது 110 மணி இருக்கலாம். சம்பளத்தோடு வாடகை, மின்சாரம், பி.எஃப்., போனஸ், கணினி, முதலாளியின் சொந்தச் சம்பளம் எல்லாவற்றையும் பங்கு போட்டால் ஆளுக்கு மாதம் 99,000 ரூபாய் வருகிறது. அதை 110-ஆல் வகுத்தால் மணிக்கு 900 ரூபாய். அப்படியானால் இந்த வேலையின் உண்மையான செலவு 9 லட்சம்; 25 சதவீதம் சேர்த்தால் 11.25 லட்சம். 4.26 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டவர், லாபம் வருகிறது என்ற நம்பிக்கையோடே பாதிச் செலவைத் தன் கையிலிருந்து போடுகிறார்.

சரியாகப் போட்ட செலவுக் கணக்குக்கும் ஒரு கோளாறு உண்டு: வேகமாக வேலை செய்பவருக்கு அது தண்டனை. இதே மென்பொருளின் பெரும்பகுதியை முன்பே வேறொருவருக்கு எழுதியிருந்தால் 400 மணி நேரத்தில் முடிந்துவிடும். விலையும் 4.5 லட்சமாக இறங்க வேண்டும் என்கிறது கணக்கு. தடுமாறித் தடுமாறி 1,500 மணி நேரம் எடுப்பவருக்கோ அதிகப் பணம். அமெரிக்க அரசு முதல் உலகப் போரில் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்று ஒப்பந்தம் போட்டால், செலவை ஏற்றுவதே ஒப்பந்தக்காரருக்கு ஆதாயம். அந்த வகை ஒப்பந்தத்தை 1941-இல் போர்க்காலச் சட்டமே தடைசெய்தது. அங்கே அரசுக் கொள்முதலில் அந்தத் தடை இன்றும் இருக்கிறது.

இனி பயன் கணக்கு. "வருஷத்துக்கு முப்பது லட்சம் போகுதுங்க" என்கிறார் முதலாளி. மூன்று வருடத்துக்கு 90 லட்சம், அதில் கால் பங்கு கேட்டால் 22 லட்சம் என்று மனம் கணக்குப் போடும். அந்த முப்பது லட்சத்தை யாரும் அளந்ததில்லை.

அளக்கத் தொடங்கினால்தான் விஷயம் தெரியும். ஒரு லாட்டுக்கு 500 கிலோ கிரே துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. 5 சதவீதம் கழிவு என்று பேச்சு. 475 கிலோ திரும்பியிருக்க வேண்டும். 465 வந்திருக்கிறது. இப்படியே எல்லா லாட்டிலும் 2 சதவீதம் கூடுதலாகக் குறைகிறது என்றால், மாதம் 20 டன் துணியில் 400 கிலோ. கிலோ 300 ரூபாய் வீதம் 1.2 லட்சம். வருடத்துக்கு 14.4 லட்சம். முப்பது லட்சம் இங்கேயே பாதியாகிவிட்டது.

அந்தப் 10 கிலோவும் முழுதாகக் காணாமல் போனது என்று சொல்ல முடியாது. பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உலர்ந்த எடையில் 8.5 சதவீத ஈரம் என்பது நூல் வணிகத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. மழை நாளில் எடை போட்டு அனுப்பிய துணியை, டிரையரிலிருந்து சூடாக இறக்கியதும் எடை போட்டால் குறைவாகத்தான் காட்டும். போதாததற்குச் சில டெலிவரி சலானில் "20 ரோல்" என்று மட்டும் இருக்கும், எடை இருக்காது. தராசில் வைக்காத துணியை மென்பொருள் எப்படிக் கணக்கில் எடுக்கும்? இதையெல்லாம் தள்ளினால், மென்பொருளால் மீட்கக்கூடியது பாதி என்று கொள்ளலாம்: வருடத்துக்கு 7.2 லட்சம்.

பலரும் கோட்டை விடும் இடம் அடுத்தது. இந்த மென்பொருள் இல்லாவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. சந்தையில் 3 லட்சத்துக்கு ஒரு ரெடிமேட் மென்பொருள் கிடைக்கிறது, அது வருடத்துக்கு 4.2 லட்சத்தை மீட்டுத் தரும் என்று கொள்வோம். நாம் கூடுதலாகத் தருவது வருடத்துக்கு 3 லட்சம்தான். மூன்று வருடத்துக்கு 9 லட்சம், அவர் ரெடிமேடுக்குத் தராமல் மிச்சப்படுத்தும் 3 லட்சம், ஆக 12 லட்சம். பராமரிப்புச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றால், கணக்குத் தெரிந்த முதலாளி இதற்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டார். 22 லட்சம் என்று ஆசைப்பட்டது எங்கே, இது எங்கே!

மாற்று வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இ-இன்வாய்ஸ் நல்ல சாட்சி. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு அது கட்டாயம். அது இல்லாமல் பில்லே போட முடியாது என்பதால் பயன் மலையளவு. ஆனால் அந்த இணைப்பைச் செய்துதர ஆள் ஏராளம். பயனில் பங்கு கேட்பவர் ஆர்டரை இழப்பார். அங்கே விலை செலவை ஒட்டியே நிற்கும்.

ஆகவே 9 லட்சத்துக்குக் கீழே போனால் நமக்கு நஷ்டம், 12 லட்சத்துக்கு மேலே போனால் அவருக்கு நஷ்டம். பேரம் இந்த இடைவெளிக்குள்தான் நடக்க வேண்டும். மேல் எல்லை செலவுக்கும் கீழே வந்துவிட்டால், ரெடிமேடையே வாங்கச் சொல்லி எழுந்து வருவதுதான் இருவருக்கும் நல்லது. இதைத் தெரிந்துகொள்ளவே, கொட்டேஷனுக்கு முன்னால் இரண்டு வார ஆய்வுக்குத் தனிக் கட்டணம் வாங்க வேண்டும் என்பேன். முப்பது நாற்பது லாட்டின் சலான்களை எடுத்து, போன எடையையும் வந்த எடையையும் முதலாளியின் முன்னால் எழுதிக் காட்டினால், பயனின் அளவை அவரே ஒப்புக்கொள்வார். அந்த வேலைக்குக் காசு தர மறுப்பவர், பின்னால் பயனைப் பற்றிப் பேசுவதும் கடினம்.

விலை 10.5 லட்சம் என்று முடிகிறது என்போம். அதற்குள் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது. பழைய நோட்டுப் புத்தகங்களில் உள்ள பாக்கிக் கணக்கை ஏற்றும் வேலை எவ்வளவு என்று இரு தரப்புக்குமே தெரியாது. வேலை நடுவில் "சின்ன மாற்றம்தானே" என்று வருபவையும் அப்படித்தான். இவற்றுக்கு மணிக்கு 1,125 ரூபாய் என்று தனியாக எழுதி, மாதத்துக்கு ஓர் உச்ச வரம்பும் போட்டுவிடலாம். அளவு தெரியாத வேலைக்கு, குறைகள் இருந்தாலும் செலவுக் கணக்கே பொருந்தும்.

எழுதிய மென்பொருளை அடுத்த வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அந்த உரிமை கோவைக்காரரிடம் இருந்தால், அடுத்த முறை 400 மணி நேரத்தில் முடித்து அவர் சம்பாதிப்பார். அதனால் இந்த முறை 10.5 லட்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கிவரவும் முடியும். பக்கத்து ஏற்றுமதியாளருக்கு இது போகவே கூடாது என்று முதலாளி கேட்டால், அதற்குத் தனி விலை.