பதினொரு மணிக் கூட்டம் வெள்ளிக்கிழமைக்குப் போகிறது

திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை காலை 11 மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரின் பையிங் ஆபீஸிலிருந்து ஒரு அம்மையார் வருகிறார். சாம்பிள் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய கூட்டம். காலை எட்டரைக்குச் சாயப்பட்டறையிலிருந்து போன் வருகிறது: கருநீலத் துணியின் ஷேடு ஒத்துவரவில்லை, மறுபடி சாயமேற்ற வேண்டும். கூட்டத்தைத் தள்ளிப்போட்டே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி இது: “மேடம், தவிர்க்க முடியாத காரணத்தால் இன்றைய மீட்டிங்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா?” பணிவான செய்திதான். ஆனால் படிப்பவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. சரக்கு தாமதமாகுமா, வேறு வாடிக்கையாளருக்காக நம்மை ஒதுக்குகிறார்களா, இன்னொரு நாள் என்றால் நாளையா அடுத்த மாதமா என்று அவர்தான் யோசிக்க வேண்டும். அவர்தான் திரும்பக் கேட்கவும் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது போன். அந்த அம்மையார் கோவையிலிருந்து வருகிறார் என்றால் பதினொரு மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்குள் காரில் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு போகும் செய்தி எவ்வளவு நயமாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே செய்தியை அழகாக எழுத உட்காராமல், எட்டே முக்காலுக்குள் பேசிவிட வேண்டும். பேசி முடித்ததும் அதையே எழுத்தில் அனுப்ப வேண்டும்.

ஆனால் போனை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து ஒரு கணக்குப் போட வேண்டும். புதிய நேரத்தை நம் வசதிக்கோ சங்கடத்துக்கோ தேர்ந்தெடுக்கக் கூடாது. கூட்டம் தடைபட்ட காரணம்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். சாயப்பட்டறையைக் கேட்டால் துணி இன்று இரவு மெஷினிலிருந்து இறங்கும் என்கிறார்கள். உலர்த்தி, காம்பாக்டிங் முடிய வியாழன் நண்பகல். தைத்து, அயர்ன் செய்து, அளவு பார்க்க வியாழன் இரவு. அப்படியானால் வெள்ளி காலையே கூட்டம் வைத்துவிடலாம் என்று தோன்றும். நான் வெள்ளி பிற்பகல் 3 மணி என்றுதான் சொல்வேன். ஷேடு மீண்டும் இம்மி பிசகினால் சரிசெய்ய அரை நாள் கையில் இருக்க வேண்டும். ஒருமுறை தள்ளிப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே கூட்டம் இரண்டாம் முறையும் தள்ளிப்போனால்தான் ஆர்டர் மேலேயே சந்தேகம் விழும்.

பேசிய பிறகு அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் மேடம். இன்று புதன் 11-ம் தேதி காலை 11 மணிக் கூட்டத்தை மாற்ற வேண்டியுள்ளது. கருநீலத் துணியின் ஷேடு நீங்கள் ஒப்புதல் தந்த மாதிரியோடு ஒத்துவராததால் மறுசாயத்துக்கு அனுப்பியிருக்கிறோம். வெள்ளி 13-ம் தேதி பிற்பகல் 3 மணிக்கு, அதே இடத்தில், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாமா? முடியாவிட்டால் சனி காலை 10.30. இன்று மாலை 5 மணிக்குள் சொன்னால் நல்லது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

காரணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. எந்தப் பட்டறை, யார் தவறு என்ற கதை அதில் இல்லை. சொந்தக் காரணமானாலும் இதே அளவு போதும்: “அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்” என்றால் புரியும், நோயின் பெயர் வேண்டியதில்லை. பொய்க் காரணம் மட்டும் கூடாது. தொழில் வட்டம் சிறியது. அதே சாயப்பட்டறையோடு பையிங் ஆபீஸும் பேசும்.

நாளும் தேதியும் சேர்ந்தே வர வேண்டும். “நாளை” என்று எழுதியதை அவர் மறுநாள் காலையில் படிக்கக்கூடும். “அடுத்த வெள்ளி” என்பது ஒருவருக்கு இந்த வாரம், இன்னொருவருக்கு வரும் வாரம். ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர் வீடியோவில் சேர்வதாக இருந்தால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். ஜூன் மாதத்தில் நம் பிற்பகல் 3 மணி அங்கே காலை 11.30, அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு அது 10.30. காலண்டர் அழைப்பு அனுப்பியிருந்தால், பழையதை அப்படியே விட்டுப் புதிதாக ஒன்றை அனுப்பாமல், இருப்பதிலேயே நேரத்தை மாற்றுங்கள். இரண்டும் கிடந்தால் யாராவது பழைய நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

சில நேரம் புதிய நேரத்தைக் கணக்கிடவே முடியாது. துணி எப்போது வரும் என்று சாயப்பட்டறைக்கே தெரியாது. அப்போது வாய்க்கு வந்த தேதியைக் கொடுத்துவிடாதீர்கள். “வியாழன் காலை 10 மணிக்கு நானே கூப்பிட்டுத் தேதி சொல்கிறேன்” என்று எழுதுங்கள். வியாழன் பத்து மணிக்கு, சொல்வதற்குத் தேதி இல்லாவிட்டாலும், கூப்பிடுங்கள்.