சொக்கனுக்கு ஒரு யூனிட்

டோரேமான் சேற்றில் நடந்தாலும் அதன் காலில் சேறு ஒட்டாது. குழந்தைகள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம், ஆனால் அதை உருவாக்கியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அந்தப் பூனை ரோபோ எப்போதும் தரையைத் தொடாமல் 3 மில்லிமீட்டர் மேலே மிதக்கிறது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வெளியே சுற்றிவிட்டு அப்படியே ஜப்பானிய வீட்டின் பாய்மேல் ஏறுகிறதே என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஒரு நகர்ப்புற வீட்டுக் கதைக்கு அது போதும். அதே ரோபோவைக் காவிரிப் படுகையில் நாற்றங்காலுக்கு நடுவே இறக்கினால் அந்த 3 மில்லிமீட்டர் கதையைக் கெடுத்துவிடும். சேறு படாத ஒன்றுக்கு வயலில் என்ன வேலை?

அறிவியல் புனைகதைத் தொடருக்கு உலகம் கட்டுவது என்றால் விநோதமான கருவிகளை அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். கருவி யாருக்கும் தோன்றும். அந்தக் கருவியால் எது முடியாது என்று தீர்மானித்து, இருபத்தாறு அத்தியாயம் வரை அதை மாற்றாமல் வைத்திருப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. பேசிப் பார்க்க ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். வெண்ணாற்றுப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம், காலம் இன்றைய காலம். செல்வி என்ற பத்து வயதுப் பெண், அவளுடைய அப்பாயி, சொக்கன் என்கிற 90 கிலோ ரோபோ. ஊரில் மற்றதெல்லாம் நாம் அறிந்தபடியே இருக்கும். புதுமை சொக்கன் ஒன்றுதான்.

முதல் விதி அதன் சாப்பாட்டைப் பற்றியது. சொக்கனின் முதுகில் அரைச் சதுர மீட்டர் சோலார் பலகை. நல்ல வெயிலில் அது 100 வாட் தரும். நம் ஊரில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் முழு வெயில் என்று கணக்கு வைக்கலாம். ஆக நாளைக்கு அரை யூனிட். தூசி, சாய்வு, சூடு எல்லாம் போக 0.4 யூனிட் மிஞ்சும். அதன் பேட்டரியில் அதிகபட்சம் ஒரு யூனிட் கொள்ளும். சமதரையில் நடக்க 200 வாட், சேற்றில் நடக்க இரண்டு மடங்கு. அதாவது ஒரு நாள் வெயிலைக் கொண்டு சொக்கன் இரண்டு மணி நேரம் நடக்கலாம், சேற்றில் என்றால் ஒரு மணி நேரம்.

இந்த எண்கள் எதுவும் திரையில் வரப்போவதில்லை. ஆனால் எழுதுகிறவர்களின் கையைக் கட்டிப்போடும். சொக்கன் உழ முடியாது. தண்ணீரும் இறைக்க முடியாது, ஏனென்றால் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு யூனிட்டைக் கால் மணி நேரத்தில் குடித்துவிடும். மூட்டை தூக்குவது மட்டும் வேறு கதை. 40 கிலோ நெல் சிப்பத்தை ஒரு மீட்டர் உயர்த்தச் சுமார் 400 ஜூல் போதும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், ஏட்டுக் கணக்கில் 9,000 தடவை தூக்கலாம். பத்தில் ஒரு பங்குதான் உருப்படியாகப் பயன்பட்டாலும் 900 தடவை. ஆக, இருந்த இடத்தில் நின்று தூக்குவதில் சொக்கன் பலசாலி, தூரம் போய் வருவதில் சோனி. இப்படி ஒரு பாத்திரத்தைக் கணக்குப் பார்க்காமல் யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். குணம் எண்ணிலிருந்து பிறக்கிறது.

இங்கே ஒரு சூட்டிகையான பிள்ளை கேட்கும்: வீட்டில்தான் பிளக் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன? போடலாம், விதியில் அதற்கும் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். சொக்கன் தினமும் ஒரு யூனிட் இழுத்தால் அதில் 60 போய்விடும். அப்பாயி மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, இதுக்குச் சோறு போடுறதா, எனக்கு ஃபேன் போடுறதா?” என்று கேட்பார். தடையே போட வேண்டியதில்லை, விலை இருந்தால் போதும்.

பருவத்தையும் பேட்டரியையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த உலகம் கதை தரத் தொடங்குகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதை ஒட்டிக் குறுவை, ஆகஸ்டுக்குப் பிறகு சம்பா, பொங்கலை ஒட்டி அறுவடை. சம்பாப் பயிர் வயலில் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வடகிழக்குப் பருவமழை. கடைமடைக்காரர்களுக்கு உதவி மிகவும் தேவைப்படும் மாதங்கள் அவை. வானம் மூடிக்கிடப்பதால் சொக்கனுக்கு மிகக் குறைவாகச் சார்ஜ் ஏறும் மாதங்களும் அவைதான். வில்லன் என்று ஒருவரை யாரும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது விதி, நட்பு. “நல்ல ரோபோ” என்று மட்டும் எழுதி வைத்தால் அது விதியாகாது, ஒவ்வொரு எழுத்தாளரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். ஐசக் அசிமோவ் தன் மூன்று ரோபோ விதிகளை முழுதாக வைத்தது 1942இல் வந்த ‘ரன்அரவுண்ட்’ என்ற சிறுகதையில். புதன் கோளில் ஒரு ரோபோவைச் செலினியம் எடுத்துவர அனுப்புகிறார்கள். கட்டளையைச் சற்று அசிரத்தையாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ரோபோவுக்கோ தன்னைக் காத்துக்கொள்ளும் விதி வழக்கத்தைவிட அழுத்தமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. செலினியம் இருக்கும் இடத்தில் ஆபத்து. இரண்டு விதியும் சமமாக இழுக்கும் தூரத்தில் அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. விதியை மீறாமல் அதன் விளைவைக் கடைசி வரை தொடர்ந்து போனதாலேயே அது கதையானது.

சொக்கனின் நட்பையும் அப்படிச் சோதிக்கும்படி எழுத வேண்டும். “உதவி கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாது, யாருக்கும் தெரியாமல் எதையும் செய்யாது.” இவ்வளவுதான். இப்போது மேல் வயல்காரர் மடையை அடைக்கச் சொல்கிறார், கீழ் வயல்காரர் திறக்கச் சொல்கிறார். சொக்கன் இருவரையும் மடைக்கு வரவழைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. “அண்ணே, சித்தப்பா வரட்டும்” என்று அது நிற்பதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் வேறொன்றைப் பார்ப்பார்கள்.

நட்பு விதியோடு ஒட்டிய சங்கடம் ஒன்று உண்டு, பல தொடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சொக்கன் நடவு நட்டால் நடவுக்கு வரும் பெண்களின் கூலி என்னாவது? ஒரு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பேர் இறங்கும் வேலை அது. பொம்மைப் படத்தில் இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஊர் முழுக்கச் சொக்கனைக் கொண்டாடும் காட்சியில் அந்தப் பெண்களும் கைதட்டிக்கொண்டு நின்றால் அது பொய் என்று கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நம் கணக்கில் பதில் முன்னமே இருக்கிறது. சேற்றில் ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு நடவு நட முடியாது. சொக்கன் நாற்றுக்கட்டை வரப்பில் இறக்கிவிட்டு ஒதுங்கும்.

விதி எங்கே உடையும் என்பதை ஒரு அத்தியாயத்தில் பார்க்கலாம். நவம்பர் மாதம், மூன்று நாள் விடாத மழை. வடிகால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு சம்பாப் பயிர் மூழ்குகிறது. புயலில் கரண்டும் இல்லை. முதல் வரைவில் எழுத்தாளர் உற்சாகமாக எழுதுகிறார்: சொக்கன் இரவெல்லாம் நின்று அடைப்பை எடுக்கிறது, விடியலில் தண்ணீர் வடிகிறது. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால், தண்ணீரிலும் சேற்றிலும் ஆறு மணி நேரம், 400 வாட், மொத்தம் 2.4 யூனிட். முழு பேட்டரியைப் போல் இரண்டரை மடங்கு. அன்று சொக்கனிடம் இருப்பதோ பத்து சதவீதம்.

உடனே தோன்றும் தீர்வு, மார்புக்குள் ஒரு அவசர பேட்டரி இருந்தது என்பது. இதுதான் மோசமான தீர்வு. அந்த ஒரு வசனத்தால் இதற்கு முந்தைய அத்தியாயங்களில் சொக்கன் வழியில் நின்றுபோன காட்சியெல்லாம் நடிப்பாகிவிடும், இனி அது நின்றாலும் யாரும் பதறமாட்டார்கள். அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் மாயக் கதைகளுக்குச் சொன்ன ஒரு கணக்கு இங்கேயும் பொருந்தும்: ஒரு சக்தியை வாசகர் எந்த அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் அதைக்கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம். புதிதாக எதையும் கொண்டுவராமல், பார்வையாளர் ஏற்கெனவே அறிந்த ஒன்றைத் தேட வேண்டும்.

அப்படி ஒன்று கையில் இருக்கிறது. தொழிற்சாலை ரோபோக்களின் மூட்டுகளில் பிரேக் உண்டு. மின்சாரம் போனால் அது தானாகவே பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தூக்கிய கை கீழே விழுந்துவிடும். சொக்கனுக்கும் அதே விதி என்று மூன்றாவது அத்தியாயத்திலேயே காட்டியிருக்கிறோம். சார்ஜ் தீர்ந்து வாசல்படியில் விறைத்து நின்றுவிட்டது, நாலு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை, அப்பாயி கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அப்போது அது வெறும் சிரிப்பு.

இப்போது மதகடியில் பிடிமானத்துக்கு ஒரு மரம்கூட இல்லை. இழுப்பு பலமாக இருப்பதால் ஆட்கள் இறங்கப் பயப்படுகிறார்கள். வீட்டிலிருந்து மதகு ஒரு கிலோமீட்டர். சேற்றில் கால் மணி நேர நடை, 0.1 யூனிட், சரியாக மிச்சமிருக்கும் பத்து சதவீதம். சொக்கன் போய் மதகுச் சுவருக்குப் பின்னால் ஒட்டி உட்காருகிறது. தன் இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொல்கிறது, அத்தோடு அணைந்துவிடுகிறது. 90 கிலோவும் பூட்டிய மூட்டுகளும் சுவரும் சேர்ந்து அசையாத முளை. ஊர்க்காரர்கள் கயிற்றைப் பிடித்து இறங்கி அரிவாளால் அறுத்து அடைப்பை எடுக்கிறார்கள். விடியும்வரை உழைத்தது மனிதர்கள். சொக்கன் ஒரு வாட்கூடச் செலவழிக்கவில்லை.

இதையெல்லாம் யாராவது குறித்துவைக்க வேண்டும். அனிமேஷன் துறையில் தொடர் பைபிள் என்று ஒரு கோப்பு இருக்கும். பாத்திரங்களின் உயரம், நிறம், பேச்சு எல்லாம் அதில் வரும். இப்படிப்பட்ட தொடருக்கு அதோடு ஒரு அட்டவணையும் வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தேதி, பயிரின் நிலை, தொடக்கத்தில் எத்தனை சதவீதம், முடிவில் எத்தனை, சொக்கனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டவர் யார் என்று ஒரு வரி. ஸ்டோரிபோர்டு போடுவதற்கு முன் ஒருவர் இந்த வரியை ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படம் வரைந்தபிறகு பிழை தெரிந்தால் திருத்தச் செலவு அதிகம்.

பின்னணி ஓவியங்களுக்கும் இது பொருந்தும். பயிர் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒரே வயலை எல்லா அத்தியாயத்துக்கும் போட முடியாது, வாராவாரம் புதிதாக வரைந்தால் பணம் கட்டுபடியாகாது. சேறு, இளம்பச்சை, கதிர், தாள் என்று நாலு நிலையோடு நிறுத்திக்கொண்டு, கதைகளை அவற்றுக்குள் பொருத்துவதே நடைமுறை. இன்னொரு தொல்லை, தொலைக்காட்சிகள் மறுஒளிபரப்பில் வரிசையை மாற்றிப் போடுவது. அறுவடைக்கு அடுத்த நாளே நடவு வந்துவிடும். எதுவும் மாறாத ஊராக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மழைக்காலக் கதையின் பாரமும் போய்விடும். மாறும் ஊர்தான் வேண்டும் என்றால், நடுவில் பார்க்கிறவருக்கும் காலம் தெரியும்படி அடையாளம் வைக்க வேண்டும். மதகில் கயிறு அறுத்த தடம் சொக்கனின் இடுப்பில் இருக்கட்டும். கதிர் சாய்ந்த வயல் பின்னால் தெரிகிற எந்தக் காட்சியிலும் அந்தத் தடம் இருக்க வேண்டும், நாற்றங்கால் தெரிந்தால் இருக்கக் கூடாது.