ஒரே ‘ஆம்’, ஆனால் ஒரே எண் அல்ல

பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009இல் தன் தலைவரை இணையவழி வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. பயன்பட்ட மென்பொருளின் பெயர் ஹீலியோஸ். இதில் ஒருவர் போடும் வாக்கு அவருடைய கணினியிலேயே பூட்டப்படுகிறது. பூட்டிய வாக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்துச் சரிபார்ப்பதற்காகவே அவை வெளியிடப்படுகின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பூட்டுவதற்கான பொதுச் சாவி எல்லோர் கையிலும் இருக்கிறது. பதிலோ ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றுதான். ‘ஆம்’ என்பதைப் பூட்டினால் எப்போதும் ஒரே எண்தான் வரும் என்றால், வேவு பார்ப்பவர் எதையும் உடைக்க வேண்டாம். அவரும் ஒரு ‘ஆம்’ பூட்டிப் பார்த்து, யாருடைய வாக்கு அதோடு ஒத்துப்போகிறது என்று தேடினால் போதும். எவ்வளவு பெரிய சாவியாக இருந்தாலும் இந்தக் குறுக்குவழியைத் தடுக்காது.

இதைத் தடுப்பது எல்கமால் முறை. எகிப்தில் பிறந்த தாஹிர் எல்கமால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் ஹெல்மனிடம் ஆய்வு செய்தவர். இந்த முறையை விளக்கும் அவருடைய கட்டுரை 1985இல் ஓர் ஆய்விதழில் வந்தது. பூட்டும் ஒவ்வொரு முறையும் கணினி புதிதாக ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் விதி.

சின்ன எண்களில் போட்டுப் பார்க்கலாம். எந்தக் கணக்கின் விடையையும் 23ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். அடிப்படை எண் 2. தேர்தல் அதிகாரியின் ரகசியச் சாவி 6. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64, மீதி 18. இந்த 18தான் ஊருக்கெல்லாம் தெரிந்த பொதுச் சாவி. ‘ஆம்’ என்பதற்கு 2, ‘இல்லை’ என்பதற்கு 1 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாக்காளரின் கணினி 7 என்ற எண்ணை எடுக்கிறது. இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128, மீதி 13. பொதுச் சாவியான 18ஐ ஏழு முறை பெருக்கினால் மீதி 6. இந்த 6தான் முகமூடி; அதை ‘ஆம்’ என்ற 2ஆல் பெருக்கினால் 12. வெளியே போவது (13, 12) என்ற ஜோடி. இரண்டாமவரும் ‘ஆம்’தான் போடுகிறார், ஆனால் அவருடைய கணினி 3ஐ எடுக்க, ஜோடி (8, 3) என்று வருகிறது. இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிந்த உறவு ஏதுமில்லை.

அதிகாரிக்கு 7 என்ற எண்ணை யாரும் சொல்லவில்லை. தேவையும் இல்லை. ஜோடியின் முதல் எண் 13. அதைத் தன் ரகசியச் சாவிப்படி ஆறு முறை பெருக்கினால் மீதி 6. அதே முகமூடி வந்துவிட்டது! 12ஐ 6ஆல் வகுத்தால் 2, ‘ஆம்’. ஏழை முதலில் ஏற்றி ஆறைப் பிறகு ஏற்றினாலும், ஆறை முதலில் ஏற்றி ஏழைப் பிறகு ஏற்றினாலும் அடுக்குக்கணக்கில் விடை ஒன்றுதான். முறை முழுவதும் இந்த ஒற்றை உண்மையின் மேல் நிற்கிறது.

விளையாட்டு எண்களில் 6ஐ யாரும் ஊகித்துவிடலாம். நிஜத்தில் 23க்குப் பதில் 617 இலக்க எண் போன்ற ஒன்று இருக்கும்.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. இரண்டு ஜோடிகளையும் பெருக்கினால் (12, 13). அதைத் திறந்தால் 4, அதாவது இரண்டு முறை 2: இரண்டு ‘ஆம்’. தனி வாக்கு எதையும் பிரிக்காமலே மொத்த எண்ணிக்கை கைக்கு வந்துவிடுகிறது. ஹீலியோஸ் எண்ணுவது இப்படித்தான்.

புதிய எண் என்ற விதியை மீறினால் என்ன ஆகும்? மூன்றாமவரின் கணினியும் சோம்பேறித்தனமாக அதே 3ஐ எடுத்து ‘இல்லை’யைப் பூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்: (8, 13). முதல் எண் 8 இரண்டு வாக்கிலும் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். முகமூடி ஒன்றுதான் என்பதால், இரண்டாம் எண்களை ஒப்பிட்டால் போதும். 13ஐ இரட்டித்தால் 26, மீதி 3. ஆக, 3 உள்ளது ‘ஆம்’, 13 உள்ளது ‘இல்லை’. ரகசியச் சாவியைத் தொடவே இல்லை.

எண் திரும்ப வராவிட்டாலும், ஊகிக்க முடிந்தாலே ஆபத்துதான். 2008இல் டெபியன் லினக்ஸில் ஒரு பிழை அம்பலமானது. குருட்டாம்போக்கு எண்களுக்கான விதை ஏறத்தாழ 32,768 வாய்ப்புகளுக்குள் சுருங்கிப்போயிருந்தது. எண்கள் பார்வைக்கு நீளமாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வாய்ப்பையும் முயன்று பார்க்க ஒரு சாதாரணக் கணினியே போதும்.

அந்த எண் வாக்காளரிடமே தங்கிவிடுவதும் தொல்லைதான். காசு கொடுத்து வாக்கு வாங்குபவரிடம் 7 என்று சொன்னால், அவர் தானே ‘ஆம்’ஐப் பூட்டி (13, 12) வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். அதனால்தான் மிரட்டலோ பேரமோ அதிகம் நடக்காத தேர்தல்களுக்கே ஹீலியோஸ் என்று அதை உருவாக்கிய பென் அடிடா சொன்னார். கணினி தன் வாக்கைச் சரியாகப் பூட்டியதா என்று சோதிக்க விரும்பும் வாக்காளருக்கு அந்த எண்ணை ஹீலியோஸ் காட்டவே செய்கிறது. ஆனால் காட்டிய வாக்கு செல்லாது. வேறு எண் எடுத்து மறுபடியும் பூட்டிய பிறகே பெட்டிக்குள் போகும்.